பேட்டிக்கு முன் ஒரு கடிதம்

நமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் சக்கர நாற்காலியில் நடமாடுகிறவர். கணக்கு வேலையில் கெட்டிக்காரர். சென்ற வருஷம் ஒரு ஸ்தாபனத்திலிருந்து பேட்டிக்கு அழைப்பு வந்தபோது, "நான் மாற்றுத் திறனாளி, தக்க உதவி செய்யக் கோருகிறேன்" என்று பதில் எழுதினார். உதவி கிடைக்கத்தான் செய்தது! இரண்டு சேவகர்கள் அவரை நாற்காலியோடு தூக்கி, இரண்டாவது மாடிக்குக் கொண்டு போனார்கள். பயத்தாலும் கூச்சத்தாலும் வேர்த்துப்போய் அதிகாரிகள் முன் உட்கார்ந்தவருக்குத் தெரிந்த பதில்கூட நாவில் வரவில்லை.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 'தக்க உதவி' என்பதற்கு அவர்களுக்குத் தோன்றிய பொருள் அதுதான். அடுத்த அழைப்பு வந்தபோது, நாமும் அவரும் சேர்ந்து வேறு விதமாக எழுதினோம்:

"தங்கள் அழைப்புக் கிடைத்தது, குறித்த நாளில் வருகிறேன். நான் சக்கர நாற்காலி உபயோகிப்பவன். படி ஏற இயலாது. நாற்காலியின் அகலம் 26 அங்குலம். ஆகையால், பேட்டியைத் தரைத் தளத்தில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எழுத்துப் பரீட்சை உண்டானால், நாற்காலி உள்ளே நுழையக்கூடிய மேஜை ஒன்று தேவை. எந்த வாசல், எந்த அறை என்பதை முன்கூட்டியே தெரிவித்தால் நலம்."

இதில் நோயின் வரலாறு இல்லை; இரக்கம் தேடும் சொல்லும் இல்லை. தடை இன்னது, அதற்கு மாற்று இன்னது என்பது மட்டுமே உண்டு. அழைப்பு வந்த அன்றே எழுதி, பிரதி ஒன்றையும் வைத்துக்கொண்டோம்.

"எல்லா ஏற்பாடும் செய்கிறோம்" என்று பதில் வந்தது. அறையைக் குறிப்பிடாத பதிலை நம்பி இருந்துவிடலாகாது. மறுநாள் விசாரித்ததில், அறை கீழ்த் தளத்தில்தான் இருந்தது. ஆனால் வாசலில் மூன்று படிகள்! பின்புறம் சாய்தளம் உள்ள வழி இருப்பதை அப்போதுதான் கண்டுபிடித்தார்கள்.

இப்படிக் கேட்பது சலுகை அல்ல. 2016ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், நியாயமான வசதி செய்து தருவதை அரசாங்க ஸ்தாபனங்களின் கடமையாக்கியிருக்கிறது. தனியார் உள்பட ஒவ்வொரு ஸ்தாபனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை அறிவிக்க வேண்டும் என்றும் அது சொல்லுகிறது. குறைபாடு நூற்றுக்கு நாற்பது அளவு இருந்தால்தான் வசதி கோரலாம் என்பதில்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

எல்லையும் உண்டு. அளவு மீறிய சுமையைச் சட்டம் யார்மீதும் ஏற்றவில்லை. கணக்கர் வேலைக்கு வந்தவர் மேஜையை மாற்றச் சொல்லலாம். கணக்கே வேண்டாம் என்று சொல்ல முடியாது.

நம் நண்பர் அப்படிக் கேட்கவுமில்லை. இம்முறை அதிகாரிகள் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். அத்தனையும் கணக்கைப் பற்றித்தான். நாற்காலியைப் பற்றி ஒன்றுமில்லை.