பொடிக்கு எந்தப் பேச்சு?

சித்தி இட்லிப்பொடி விற்கிறாள், இன்ஸ்டாகிராமில். படத்துக்குக் கீழே எழுதும் கேப்ஷனில் மூன்று ரகம்: பாட்டி கதை, செய்முறை, நேராக விலை. எது நல்லது? 'கதைதான்! எத்தனை பேர் பார்த்தா தெரியுமா!' என்கிறாள்.

அங்கேதான் சிக்கல். ரீச் என்பது எத்தனை பேர் கண்ணில் பட்டது என்ற கணக்கு. கண்ணில் பட்ட பிறகுதான் ஆசாமி கேப்ஷனைப் படிக்கிறான், அதுவும் முதல் வரி இரண்டு வரி. மீதியைத் தட்டித் திறக்க வேண்டும். எனவே ரீச்சுக்கான மாலையைக் கேப்ஷன் கழுத்தில் மட்டும் போடக்கூடாது. பி.காம். படித்ததில் எனக்கு மிச்சம் வகுத்தல் ஒன்றுதான். எல்லாவற்றையும் ரீச்சால் வகுத்து, ஆயிரம் பேருக்கு எத்தனை என்று பார்த்தேன்.

ஆறு வாரம், வாரம் இரண்டு போஸ்ட், வாரத்துக்கு ஒரு ரகம், மாற்றி மாற்றி. (ஒரே ரகத்தைத் தொடர்ந்து போட்டால் சம்பள வாரம் கணக்கைக் கெடுத்துவிடும்.) படமும் நேரமும் ஒரே மாதிரி. இன்ஸ்டா கேப்ஷனில் லிங்க் போட்டால் தட்ட முடியாது, முகப்பில்தான் வைக்கவேண்டும். அதனால் வாரா வாரம் முகப்பு லிங்க்கின் வாலை மாற்றினோம்: `?utm_content=kathai`, அப்புறம் `seimurai`, `vilai`. எந்த வாலோடு வந்தார்கள் என்று கடையின் வெப்சைட் கணக்கில் விழும்.

கதைகளில் ஒன்றில் மிளகாய்ப் பக்கத்தில் பூனை தூங்கியது. மற்ற போஸ்ட்களைப்போல ஆறு மடங்கு ரீச். பூனைக்கு நன்றி சொல்லி அதைக் கணக்கிலிருந்து நீக்கினேன். சித்திக்குக் கோபம்.

மீதியில், ஆயிரம் பேருக்கு: கதையை 20 பேர் ஷேர் செய்தார்கள், லிங்க்கைத் தட்டியவர் 2. செய்முறையை 40 பேர் சேவ் செய்தார்கள், தட்டியவர் 5. விலைக்கு சேவ் 4, ஷேர் 2, ஆனால் தட்டியவர் 20!

அப்போ விலை மட்டும் போட்டால் போதுமா? போதாது. அந்த ரகத்துக்குத்தான் ரீச் குறைவு. தட்டியவர்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே வாங்குகிறவர்கள், ஆர்டர் பெயர்களைப் பார்த்தாலே தெரிந்தது. சேவ் செய்கிறவன் வேறு ஜாதி, ஞாயிற்றுக்கிழமை சமைக்கும்போது தேடி வருவான். கதைக்கும் செய்முறைக்கும் இடையே 2, 5 என்கிற வித்தியாசத்தை நான் நம்பவில்லை. மொத்தமே ஆறு தட்டல், இருபது தட்டல். நாலு பேர் மனசு மாறினால் வித்தியாசம் சுருங்கிவிடும். 20 கொஞ்சம் நிற்கும்.

ஆகவே இப்போது சித்தியின் கேப்ஷன்: முதல் வரியில் எடையும் விலையும், அடுத்து செய்முறை, கடைசியில் 'லிங்க் முகப்பில்'. இதற்கும் நாலு போஸ்ட் ஆகட்டும் என்றிருக்கிறேன்.

'கதையே வேண்டாமா?'

'தீபாவளிக்கு முன்னாடி போடுங்க சித்தி. புது ஆளுங்க கண்ணுல படணும்னா ஷேர்தான் வழி.'

'பூனையோடயா?'