அடங்கலில் இல்லாத பெயரும் தரகர் வாங்கும் பணமும்

சம்பா பருவத்தில் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கும்போது ஊருக்கு ஊர் ஒரு தரகர் முளைத்துவிடுவார். ஆதார் நகலையும் வங்கிப் புத்தக நகலையும் வாங்கிக்கொண்டு, “நான் பாத்துக்கறேன்” என்பார். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டிய பிரிமியம், காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் மட்டுமே. ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 540 ரூபாய். பொதுச் சேவை மையத்தில் பதிவு செய்தால் அதற்கான கூலியைக் காப்பீட்டு நிறுவனமே மையத்துக்குத் தந்துவிடும். விவசாயியிடம் அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவும் விதியில் இடமில்லை. ஆனாலும் இரண்டு ஏக்கருக்கு 1,080 ரூபாய்க்குப் பதில் 1,800 கேட்டால், கொடுத்துவிடுகிறார்கள். ஏன்?

விவரம் தெரியாதவர்கள் ஏமாறுகிறார்கள் என்று சொல்வது எளிது. சொந்தப் பட்டா உள்ளவருக்குத் தரகர் அவ்வளவாகத் தேவையில்லை. சிட்டாவையும் அடங்கலையும் எடுத்துக்கொண்டு நேரே மையத்துக்குப் போய்விடுவார். தரகரிடம் மாட்டுவது குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுகிறவர். டெல்டாவில் அவர் பெரும்பாலும் சேரியிலிருந்து வருகிறவர். திட்டத்தின் விதிப்படி குத்தகைதாரரும் பதியலாம். ஆனால் சாகுபடி செய்வது அவர்தான் என்று கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் எழுதித் தர வேண்டும். எழுதினால் அது நாளை குத்தகை உரிமைக்குச் சாட்சியாகிவிடும் என்று நிலம் வைத்திருக்கும் ஆதிக்கச் சாதிக்காரர் தடுக்கிறார். அந்த மறுப்பில்தான் தரகரின் பிழைப்பு நடக்கிறது.

இழப்பு அந்த 720 ரூபாயோடு நிற்பதில்லை. பெரும்பாலும் வயலுக்கு வயல் சேதத்தைப் பார்த்து இழப்பீடு தருவதில்லை. மகசூல் இழப்பீட்டை அறிவிக்கப்பட்ட வருவாய் கிராமம் முழுவதற்குமான சராசரி மகசூலை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அவசரத்தில் தரகர் பக்கத்து கிராமத்தின் பெயரில் பதிந்துவிட்டால், உங்கள் ஊர் மூழ்கினாலும் அந்த ஊர் நன்றாக விளைந்திருந்தால் மகசூல் இழப்பீடு வராது. நில உரிமையாளரின் பெயரிலும் வங்கிக் கணக்கிலும் பதிந்தால் பணம் உரிமையாளருக்குப் போய்விடும். உழுதவருக்கு அது மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும்.

ஆகவே தோழர்களே, ஊருக்குப் போகும்போது வீட்டில் அந்த ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கையால் எழுதிய துண்டுச்சீட்டு ரசீதாகாது; விண்ணப்ப எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை pmfby.gov.in தளத்தில் போட்டால் விண்ணப்பத்தின் நிலை தெரியும். பெயர், வருவாய் கிராமம், சர்வே எண், வங்கிக் கணக்கு என்ற நான்கையும் ரசீதில் சரிபாருங்கள். பிழை இருந்தால் 14447 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். கடைசித் தேதிக்கு முன்பே பார்ப்பது நல்லது, பிறகு திருத்துவது பெரும்பாடு.

குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969லேயே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது. அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறியவருக்கு அடங்கலுக்காக யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியிருக்காது. வேளாண் துறை ஒவ்வொரு கிராமத்திலும் பதிவானவர்களின் பட்டியலைக் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு கிராமசபையில் சத்தமாக வாசிக்க வேண்டும். அதில் உழுகிறவர்களின் பெயர்கள் எத்தனை, நிலம் வைத்திருப்பவர்களின் பெயர்கள் எத்தனை என்று ஊரே கேட்கட்டும்.