ஓடினா ஃபவுல்: திருப்பூர் ஞாயிற்றுக்கிழமை டர்ஃப் ஆட்டத்துக்கு எதிராக ஒரு டாக்டரின் த்ரெட்

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. திட்டணும்னா முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க.

"நாற்பது வயசுக்கு மேற்பட்டோருக்கான ஃபைவ்ஸ் மேட்ச், வாங்க பழைய ஃபார்மைக் காட்டலாம்" என்று வாட்ஸ்அப்பில் போஸ்டர் வரும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குது. இருபது வருஷம் பந்தைத் தொடாத மனுஷனை, வாரம் ஆறு நாள் பவர் மெஷின் முன்னாடி உட்கார்ந்தவரை, ஞாயிறு காலையில் டர்ஃபில் இறக்கி முழு வேகத்தில் ஓடச் சொல்றீங்க. இதுக்கு ஒரு மாற்று இருக்கு. அதைச் சொன்னா "அது கிழவனுங்க ஆட்டம் சார்"ங்கறீங்க. அந்தச் சிரிப்போடதான் எனக்குச் சண்டை.

அந்த மாற்றுக்குப் பேரு வாக்கிங் ஃபுட்பால், நடந்தே ஆடும் கால்பந்து. 2011-ல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டு ஊரில், அங்குள்ள கால்பந்து கிளப்பின் சமூக அறக்கட்டளை ஐம்பது தாண்டியவர்களுக்காக ஆரம்பிச்சது. ஜான் க்ரூட் என்பவர் முன்னின்று நடத்தினார். இன்னைக்கு அதுக்கு நாடுகளுக்கு இடையிலான போட்டிகளே நடக்குது.

விதிகள் லீகுக்கு லீக் கொஞ்சம் மாறும். ஆனா உயிர் நாடி ஒண்ணுதான்: எந்த நேரத்திலும் ஒரு பாதமாவது தரையில் இருக்கணும். ரெண்டு காலும் ஒரே நேரத்தில் காற்றில் இருந்தா அது ஓட்டம், எதிரணிக்கு ஃப்ரீ கிக். திரும்பத் திரும்ப ஓடினா பல லீக்குகளில் சில நிமிஷம் வெளியே உட்காரணும். பந்து குறிப்பிட்ட உயரத்துக்கு மேல போகக் கூடாது, அதனால தலையால் முட்டுறது இல்லை. மோதல் இல்லை, சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்கறதும் இல்லை. சில இடங்களில் ஒருத்தர் மூணு தடவைக்கு மேல தொட்டுட்டுப் பந்தை வெச்சிருக்கவும் கூடாது. வெளியே போன பந்தை எறியறதுக்குப் பதிலா காலால் உருட்டி உள்ளே விடுவாங்க.

இதையெல்லாம் வயசானவங்களுக்குக் காட்டும் இரக்கம்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு விதிக்குப் பின்னாடியும் எங்க ஓபி-க்கு வர்ற ஒரு காயம் இருக்கு.

ஓடும்போது ஒவ்வொரு அடியும் தரையில் உங்க எடையைப் போல ரெண்டு, ரெண்டரை மடங்கு விசையோடு இறங்கும். நடக்கும்போது அது எடையை விடக் கொஞ்சம்தான் கூடும். காலில் உள்ள மூட்டும் தசையும் தாங்க வேண்டியது அந்த அளவுக்கு மாறுது. அதைவிட முக்கியம், நின்ன இடத்தில் இருந்து திடீர்னு பாயறது. தொடையின் பின்பக்கத் தசையும், கெண்டைக்கால் தசையும், குதிகால் தசைநாணும் (நீங்க "குதிகால் நரம்பு"ன்னு சொல்றது) கிழியறது பெரும்பாலும் அந்த நொடியில்தான். ஓட்டத்தைத் தடை பண்ணினா அந்த நொடியே ஆட்டத்தில் ரொம்ப அரிதாயிடும்.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். ஒரு ஆளைக் கற்பனை பண்ணிக்குங்க. 46 வயசு கட்டிங் மாஸ்டர். பன்னிரண்டு மணி நேரம் டேபிள் முன்னாடி நிக்கறவர், பள்ளிக்கூடத்தில் நல்லா ஆடினவர். ஞாயிறு ஆட்டத்தில் சேர்றார். முதல் வாரம் மூச்சு வாங்குது. நாலாவது வாரம் "டாக்டர், ஸ்டாமினா திரும்பி வந்துருச்சுங்க"ன்னு சந்தோஷம். ஆறாவது வாரம் பந்துக்குப் பாயும்போது பின்னாடி யாரோ குதிகாலில் ஓங்கி உதைச்ச மாதிரி இருக்கு. திரும்பிப் பார்த்தா யாரும் இல்லை.

ஏன் ஆறாவது வாரம்? மூச்சும் இதயமும் சில வாரத்திலேயே பழகிடும். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது வலுவாக மாதக்கணக்கில் ஆகும். உங்க மூச்சு "போலாம்"ங்குது, தசைநாண் இன்னும் தயாராகவே இல்லை. காயத்துக்கு அப்புறமோ நீண்ட இடைவெளிக்கு அப்புறமோ திரும்பி வர்றவங்க மாட்டறது இங்கதான்.

அவரைக் குப்புறப் படுக்க வெச்சு கெண்டைக்காலை அழுத்தினா பாதம் கீழ் நோக்கி அசையணும். அசையலைன்னா குதிகால் தசைநாண் அறுந்திருக்குன்னு அர்த்தம். வீக்கம் குறைஞ்சு நொண்டி நொண்டி நடக்க முடியறதால "சுளுக்குதான்"னு எண்ணெய் போட்டு மூணு வாரம் ஓட்டிட்டு வர்றவங்க உண்டு. அப்புறம் சிகிச்சை கஷ்டமாயிடும்.

கட்டு போட்டாலும் ஆபரேஷன் பண்ணினாலும், நின்னு வேலை பார்க்க மாசக்கணக்கில் ஆகும். ஈஎஸ்ஐ இருந்தா நோய்க்கால உதவித்தொகை சம்பளத்தில் 70 சதவீதம், அதுவும் வருஷத்துக்கு அதிகபட்சம் 91 நாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் பட்டது வேலையில் பட்ட காயம் கிடையாது, அந்தக் கணக்கில் எதுவும் வராது. பீஸ் ரேட்டில், ஈஎஸ்ஐ-யே இல்லாம இருக்கறவருக்கு அந்த 70-ம் இல்லை. ஒரு கோலுக்கு இந்த விலை கொடுக்கணுமா?

அதே ஆள் குணமாகி வந்து "இனி பந்தே தொடக்கூடாதா டாக்டர்?"னு கேட்டா, "எல்லாத்தையும் நிறுத்திடுங்க"ன்னு சொல்ற எங்க ஆட்களும் இருக்காங்க. அதுவும் தப்பு. சுகரும் பிரஷரும் இருக்கற ஆளை ஷிப்ட் முடிஞ்சு செல்போன் முன்னாடி உட்கார வைக்கறதில் என்ன பாதுகாப்பு?

நான் பார்க்கறது இதைத்தான். அரை மணி நேரம் வேகமா நடந்து வலி இல்லையா? அடிபட்ட ஒத்தைக் காலில் நின்னு குதிகாலைத் தூக்கி இறக்க முடியுதா, அடுத்த காலின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வருதா? ஒரு காலில் 25, இன்னொண்ணில் 8-ன்னா இன்னும் பயிற்சி பாக்கி. ரெண்டும் சரியானா முதலில் பத்து பத்து நிமிஷமா ரெண்டு பாதி, நடந்தே. மறுநாள் காலை கட்டிலில் இருந்து இறங்கற முதல் அடிதான் ரிசல்ட். முந்தைய நாளைவிட வலியோ விறைப்போ கூடியிருந்தா அடுத்த வாரம் நேரத்தைக் குறைங்க. இல்லைன்னா அஞ்சு நிமிஷம் கூட்டுங்க.

நடந்து ஆடினா ஆபத்தே இல்லைன்னும் சொல்ல மாட்டேன். ஊன்றின காலில் உடம்பைத் திருப்பற திருகல் இதிலும் உண்டு. முழங்கால் நழுவற மாதிரி, விட்டுப்போற மாதிரி இருக்கறவங்க அதைப் பார்த்துக்காம இறங்க வேண்டாம். சுகர்காரங்க பாதத்தில் உணர்ச்சி இருக்கான்னு முதலில் பாருங்க. உணர்ச்சி இல்லாத காலில் ஷூ கடிச்சு புண்ணானது வீட்டுக்குப் போய் சாக்ஸ் கழட்டும்போதுதான் தெரியும். இன்சுலின் போடறவங்க பாக்கெட்டில் சர்க்கரை வெச்சுக்குங்க. நடக்கும்போது நெஞ்சு இறுகினா அது வாயு இல்லை, ஆட்டத்தை நிறுத்திட்டு நேரா ஆஸ்பத்திரி.

இதையெல்லாம் விட இந்த ஆட்டத்தைக் கெடுக்கறது வேற ஒண்ணு. கடைசி அஞ்சு நிமிஷம், ஒரு கோல் வித்தியாசம், எல்லாரும் மெதுவா ஓட ஆரம்பிச்சிருப்பாங்க, ரெஃப்ரி விட்டுடுவார். "சும்மா ரெண்டு எட்டு"ன்னு ஆரம்பிச்சா அது பழைய ஃபைவ்ஸேதான், கூடுதலா தயாரில்லாத கால்கள். ஓட்டத்தைக் கண்டுபிடிக்கறது கஷ்டமும் இல்லை. நடக்கறவர் தலை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் போகும், ஓடறவர் தலை மேலும் கீழும் குதிக்கும். சந்தேகம்னா போனில் ஸ்லோ மோஷன் எடுங்க, ரெண்டு காலும் காற்றில் இருக்கறது தெளிவா தெரியும்.

டர்ஃப் புக் பண்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்துக்கு ஆறு பேர், சின்ன கிரவுண்ட் போதும். பெரிய கிரவுண்ட் கொடுத்தா கால் தானா ஓடும். விசில் ஊதறவரைத் தவிர இன்னொருத்தரைக் கோட்டுக்கு வெளியே நிறுத்துங்க. அவர் வேலை கால்களை மட்டும் பார்க்கறது. கோல் விழுந்ததான்னு அவரைக் கேட்டா அவருக்குத் தெரியக் கூடாது.