‘தொடரவும்’ என்று எழுதியது யார்?

நான் உணவியல் நிபுணராக வேலை பார்க்கும் வார்டில், போன மாதம் 20 நோயாளிகளின் கோப்புகளைச் சரிபார்ப்புப் பட்டியலோடு புரட்டினேன். முதல் நாள் பதிவுகளில் குறை அதிகமில்லை. எடை, உணவுப் பழக்கம், இலக்கு எல்லாம் இருந்தன. அடுத்த பதிவில்தான் கோளாறு.

50 கிலோ எடையுள்ள ஒரு பாட்டிக்கு நாளுக்கு 1,500 கிலோகலோரி, 60 கிராம் புரதம் என்பது இலக்கு. மூன்று நாள் கழித்து, “சுமாராகச் சாப்பிடுகிறார். தொடரவும்.” எழுதியது நான்தான்! தாதியர் குறித்த உணவுத் தாளைக் கூட்டினால் ஏறக்குறைய 800 கிலோகலோரி, 30 கிராம் புரதம். பல்செட் வலிக்கிறது என்ற குறிப்பும் அதிலேயே இருந்தது. இதில் எதைத் தொடர்வது?

பட்டியல் “மறுபதிவு உண்டா?” என்று மட்டுமே கேட்டது. உண்டு என்று டிக் போட்டால் என் பதிவும் தேறிவிடும். அந்தக் கேள்வியை மூன்றாக்கினோம்: இலக்கில் எவ்வளவு எட்டியது, எட்டாததற்குக் காரணம் என்ன, அதனால் எதை மாற்றினோம்.

அதன்படி பாட்டியின் பதிவு: “1,500இல் 800 கிலோகலோரி, 60இல் 30 கிராம் புரதம். பல்செட் வலியால் கோழி இறைச்சியைத் தொடவில்லை. மென்மையான உணவுக்கு மாற்றம், சத்துபானம் இருவேளை. மூன்று நாளில் மறுபடி எடை பார்க்க வேண்டும்.”

எழுத இரண்டு நிமிடம் கூடுதல். வார இறுதிப் பணிக்கு வருபவர் பாட்டியை முதலிலிருந்து விசாரிக்க வேண்டியதில்லை.