சான்றிதழ் விற்பவர்களுக்கு ஒரு கேள்வி

காமயகவுண்டன்பட்டியில் என் தெருவில் ஒரு பையன். பி.காம். முடித்தவன், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். "எனர்ஜி ஆடிட்டர், ஈ.எஸ்.ஜி. வேலை எல்லாம் உறுதி சார்"னு சொல்லி, ஆன்லைன் வகுப்புக்கு முப்பதாயிரம் வாங்கியிருக்கிறார்கள். அம்மாவின் கம்மல் அடகுக்கடையில் இருக்கிறது.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு, அதாவது பீ, நடத்தும் ஆடிட்டர் தேர்வை பி.காம். படித்தவர் எழுத முடியாது. பொறியியல் படிப்போ குறிப்பிட்ட அறிவியல் முதுகலைப் படிப்போ இருக்க வேண்டும், கூடவே அனுபவமும் வேண்டும். இதை அவனிடம் பணம் வாங்கும் முன் யாருமே சொல்லவில்லை!

அப்போ பி.காம். பையனுக்கு இதில் இடமே இல்லையா? இருக்கிறது. பங்குச்சந்தையில் பட்டியலான முதல் ஆயிரம் கம்பெனிகள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற அறிக்கை தர வேண்டும் என்பது செபியின் விதி. அதில் மின்சாரத்தை யூனிட்டில் அல்ல, ஜூலில் எழுத வேண்டும். ஒரு யூனிட் 3.6 மெகாஜூல், ஆக ஒரு லட்சம் யூனிட் 360 கிகாஜூல். தசமப்புள்ளி மூன்று இடம் தள்ளினால் கம்பெனியே மாறிப்போகும்.

அதைவிடப் பெரிய வேலை ஒன்று. எரிசக்திப் பயன்பாட்டை விற்றுவரவின் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு என்று கேட்கிறது அந்த அறிக்கை. ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நூல் மில் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒரு லட்சம் யூனிட், விற்றுவரவு ஒரு கோடி. ரூபாய்க்கு 0.01 யூனிட். அடுத்த வருஷம் நூல் விலை ஏறி, அதே நூலை விற்று ஒன்றேகால் கோடி வருகிறது. கணக்கு 0.008 ஆகிவிடும். "இருபது சதவீதம் குறைத்தோம்" என்று எழுதலாம், ஆனால் ஒரு விளக்கைக்கூட அணைக்கவில்லை. ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்று பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். கணக்குப் புத்தகம் படித்தவன்தான் இதைப் பிடிப்பான், ஐயா.

உண்மையில் எங்கே குறைக்கலாம் என்று காட்டுவது பொறியாளர் வேலை. அதற்கும் லேப்டாப் மட்டும் போதாது. மில் விடுமுறை நாளில் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு, காற்றுக் கம்ப்ரஸரை மட்டும் ஓட விட வேண்டும். காற்றை யாரும் எடுக்கவில்லை, ஆனாலும் அது இரண்டு நிமிடம் லோடில் ஓடி, எட்டு நிமிடம் லோடு இல்லாமல் நிற்கிறது என்றால், பத்தில் இரண்டு பங்கு, அதாவது அதன் திறனில் இருபது சதவீதம் கசிவுக்கே போகிறது. பிறகு சோப்புத் தண்ணியோடு குழாய் இணைப்பு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி வரும் இடம்தான் ஓட்டை.

அந்தப் பையனின் பாடத்தைத் திறந்து பார்த்தேன். நூற்றி நாற்பது ஸ்லைடு. ஒரு மின்கட்டண ரசீது கூட இல்லை! நம்ம வாரியத்தின் உயரழுத்த ரசீதில் யூனிட் எந்த இடத்தில் இருக்கிறது, கே.வி.ஏ. எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒருநாள்கூட காட்டவில்லை.

அவன் சார்பாக அவர்களுக்கு நானே எழுதினேன்: எந்தத் தேர்வுக்குத் தகுதி என்று சொல்லி இவனைச் சேர்த்தீர்கள்? பன்னிரண்டு நாளாச்சு. வந்த ஒரே பதில், அடுத்த பேட்சுக்குத் தள்ளுபடியாம்.