ராஜேந்திர சோழனா ஆடணுமா? அதுக்கு 'கம்ப்ளீட் எடிஷன்' தேவையா?

ராஜேந்திர சோழனின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அதே ராஜேந்திரனின் படையெடுப்புகளை 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: டெஃபனிட்டிவ் எடிஷன்' கேமில் ஆடலாம். ஆனால், 'டெஃபனிட்டிவ்' என்ற பெயரை நம்பி பேஸ் கேமை மட்டும் வாங்கும் பெரம்பலூர் இளைஞருக்கு அதில் ராஜேந்திரன் கிடைக்க மாட்டார்.

காரணம் எளிது. 2019 நவம்பரில் வந்த அந்தப் பதிப்பு, அதுவரை வந்த எக்ஸ்பான்ஷன்களைச் சேர்த்துக்கொண்டது. ராஜேந்திரன் வந்ததோ 2022 ஏப்ரலில், 'டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா' என்ற தனி டிஎல்சியில். திராவிடர், வங்காளிகள், கூர்ஜரர் ஆகியோரும், ராஜேந்திரன், பாபர், தேவபாலர் பெயரில் மூன்று கேம்பெய்ன்களும் அதில்தான் உள்ளன. அதற்குப் பிறகும் புது டிஎல்சிகள் வந்தன. ஆக, எந்த 'முழுப் பதிப்பும்' அது வெளியான தேதி வரைக்கும்தான் முழுசு.

சரி, எல்லாம் சேர்ந்த பண்டிலையே வாங்கிடலாமா? கணக்கு போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக பேஸ் கேம் 1,000 ரூபாய், ஒவ்வொரு டிஎல்சியும் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு டிஎல்சியோடு சேர்த்தால் மொத்தம் 4,000. பண்டில் விலை 30% தள்ளுபடியில் 2,800. '1,200 ரூபாய் மிச்சம்' என்று கடை சொல்லும். ஆனால் ராஜேந்திரன் மட்டும் வேண்டுமென்றால் 1,500 போதும். பண்டில் எடுத்தால் கூடுதலாக 1,300 போகிறது. மீதி ஐந்தில் குறைந்தது மூன்றையாவது நிஜமாகவே ஆடப் போகிறீர்கள் என்றால்தான் பண்டில் லாபம். ஒன்றிரண்டுதான் என்றால் தனித்தனியாக வாங்குவதே மலிவு.

சீசன் பாஸ் இன்னும் ரிஸ்க். இனிமேல் வரப்போகும் டிஎல்சிகளுக்கு இன்றே பணம் கட்டுகிறோம். அவை எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. காத்திருந்தால், பெரும்பாலும் அதே டிஎல்சிகள் ஆஃபரில் வரும்.

பணம் கட்டும் முன் மூன்று விஷயம் பார்க்கணும். ஒன்று, 'கம்ப்ளீட்' என்ற பெயரை விட்டுவிட்டு, உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை கேமின் மொத்த டிஎல்சி பட்டியலோடு ஒப்பிடுங்கள். இரண்டு, பேஸ் கேம் எந்தக் கடையில் இருக்கிறதோ அங்கேயே டிஎல்சியும் வாங்குங்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் வாங்கிய டிஎல்சி ஸ்டீம் கேமில் வேலை செய்யாது. மூன்று, ஏற்கெனவே வாங்கியதன் விலையை பண்டில் கழிக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீமில் பல பண்டில்கள் கழித்துக் காட்டும். கழிக்காத தொகுப்பை எடுத்தால் ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம்.

முதலில் பேஸ் கேமை ஆடிப் பாருங்கள். பிடித்திருந்தால் வேண்டிய டிஎல்சியை மட்டும் சேர்ப்பதுதான் பெரும்பாலானோருக்குச் சரியான வழி. கம்ப்ளீட் எடிஷன், அந்த கேமில் வருஷக்கணக்கில் இருக்கப் போகிறவர்களுக்கு.