அழைப்பை மறுத்தாலும் அன்பை மறுக்காதீர்

தை பிறந்துவிட்டால் மலைநாட்டில் கலியாணங்களுக்குக் குறைவில்லை. மார்கழியில் மங்கல காரியங்கள் நடத்துவதில்லையாதலால், காத்திருந்த குடும்பங்கள் யாவும் தையில் வரும் சில நல்ல முகூர்த்தங்களையே நாடுகின்றன. ஆகவே ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு வீட்டு அழைப்பு வந்து சேருவது வியப்பன்று. இரண்டில் ஒன்றை மறுத்தாக வேண்டும். அதை எவ்விதம் மறுப்பது?

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் வசிக்கும் பெண்மணி ஒருத்தி, தன் மகனின் கலியாணத்திற்கு அழைக்க, நுவரெலியாவிலுள்ள தன் பழைய தோழியின் லயத்திற்குத் தட்டுடன் வருகிறாள். அதே முகூர்த்தத்தில் தோழியின் அண்ணன் மகளுக்கு நுவரெலியாவிலேயே கலியாணம். இரண்டு ஊர்களுக்கும் இடையே மலைப்பாதையில் பஸ் பயணமே சுமார் இரண்டு மணி நேரம். இரண்டிற்கும் போவது நடவாத காரியம்.

போகப் போவதில்லை என்று தெரிந்தும் வெற்றிலைத் தட்டை வாங்கலாமா என்று சிலர் தயங்குவர். தாராளமாக வாங்கலாம். நிச்சயதார்த்தத்தில் மாற்றிக்கொள்ளும் தாம்பூலம் ஒரு வாக்கு. கலியாணத்திற்கு அழைக்க வரும் தாம்பூலமோ, வந்தவர் நமக்குச் செய்யும் மரியாதை. அதை இரு கைகளாலும் வாங்கி, அவரை அமரச் செய்து, தேத்தண்ணீர் கொடுத்து, பத்திரிகையைப் பிரித்துத் திகதியைப் படிக்க வேண்டும்.

படித்தபின், அவர் எழுந்து புறப்படுவதற்கு முன்னரே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். “அக்கா, அன்றைக்குத்தான் எங்கள் அண்ணன் மகளுக்கும் முகூர்த்தம். அத்தை முறையில் நான் அங்கே நிற்க வேண்டும். உங்கள் மகன் தாலி கட்டுவதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று மனது வருந்துகிறது” என்றால் போதும். “பார்க்கலாம்”, “வர முயல்கிறேன்” என்ற சொற்கள் நயமானவை போலத் தோன்றினும் கேடு விளைப்பவை. லயத்துக் கலியாணத்தில் அயல்வீட்டார் கூடித் தலைக்கணக்குப் பார்த்துத்தான் உலை வைக்கிறார்கள். ஒரு கிலோ அரிசி ஆறேழு பேருக்குச் சாப்பாடாகும். ஆறு பேர் கொண்ட வீடு சொல்லாமல் நின்றுவிட்டால், ஒரு கிலோ அரிசிச் சோறு வீணாவதுடன், வாசலைப் பார்த்துக் காத்திருந்த மனமும் புண்படும்.

காரணம் ஒன்றே போதும். மூன்று காரணம் சொன்னால் மூன்றும் சாக்காகவே படும். பொய்க் காரணமோ தோட்டங்களில் நெடுநாள் நிற்காது. காய்ச்சல் என்று சொன்னவள் அன்று பட்டுப்புடைவையில் பஸ்ஸில் போனதை உறவினர் யாரேனும் கண்டிருப்பார்கள். மறுநாள் கொழுந்து நிரையில் அதுவே பேச்சாகிவிடும்.

உண்மையான காரணம் கைமுட்டாகவும் இருக்கலாம். கலியாணம் சம்பள நாளுக்கு முன்னால் வந்துவிட்டது. மொய் வைக்க வழியில்லை. இதைப் பலர் முன்னிலையில் சொல்ல வேண்டியதில்லை. தோழியை வழியனுப்பும்போது வாசற்படியில் தனியாக, “அக்கா, இந்த மாதம் கை வெறுமையாக இருக்கிறது” என்று சொல்லலாம். “மொய் கிடக்கட்டும், நீ வந்து நின்றால் போதும்” என்று அவள் சொல்வாளாயின், அங்கே மறுப்பே தேவையில்லாமற் போய்விடும்.

இனி, போகாதவர் செய்ய வேண்டியது. முன்பு நம் வீட்டுக் காரியத்தில் அவர்கள் மொய் வைத்திருந்தால் அது திருப்ப வேண்டிய கடன். பழைய மொய்க் குறிப்பைப் பார்த்து, அதற்குக் குறையாத தொகையை, அங்கே போகும் ஒருவர் வசம் உறையிலிட்டு அனுப்ப வேண்டும். உறையின்மேல் நம் பெயருடன் தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் எழுதுவது நல்லது. ஒரே பெயருடையோர் பலர் இருப்பதால் மொய் நோட்டில் குழப்பம் நேர்வதுண்டு. ஓய்வு கிடைத்தால் முதல் வாரமே சென்று ஒருநாள் கைவேலை செய்துகொடுத்து வரலாம்.

கலியாணம் முடிந்தபின் வரும் போயா விடுமுறையில் மணமக்களை விருந்துக்கு அழைத்தால், அன்று போகாத குறை பெரும்பாலும் நீங்கிவிடும். கூட்டத்தில் ஒருவராய் உண்டுவிட்டுத் திரும்புவதைவிட, தம் வீட்டில் அவர்களை அமர்த்திப் பரிமாறுவது நெஞ்சில் நிற்கும்.

இவ்வளவிற்குப் பின்னும் மனத்தாங்கல் இருக்கிறதா என்பதை அடுத்த அழைப்பு காட்டிவிடும். நேரில் வந்தவர் பிள்ளையிடம் பத்திரிகையைக் கொடுத்தனுப்பினால், அது மனம் ஆறவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். அந்த அழைப்பிற்கு மட்டும் எந்தக் காரணமும் சொல்லாது, குடும்பத்துடன் முதல் நாளே போய் நின்றுவிட வேண்டும்.